பேரப்பிள்ளைகளின் சாட்டைப் படிப்பது எப்படி: கோத்தகிரிப் பெரியம்மா கேட்ட கேள்விகள்

LOL-னு போடுறானே கண்ணு, அன்போடன்னு அர்த்தமா?

இல்லை பெரியம்மா. லாஃபிங் அவுட் லவுட் என்ற மூன்று சொற்களின் முதலெழுத்து அது. வாய்விட்டுச் சிரிக்கிறேன் என்று பொருள். ‘லாட்ஸ் ஆஃப் லவ்’ என்று எடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். பிரிட்டன் பிரதமராக இருந்த டேவிட் கேமரூனும் அப்படி நினைத்துத்தான் செய்தியின் கடைசியில் LOL போட்டுக்கொண்டிருந்தாராம். 2012-ல் பிரிட்டன் பத்திரிகைகளின் நடத்தையைப் பற்றி நடந்த லெவிசன் விசாரணையில், பத்திரிகை ஆசிரியராக இருந்த ரெபெக்கா புரூக்ஸ் இதைச் சொன்னார். ஆகவே நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இப்போது அதைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் சிரிப்பதே இல்லை. “வர லேட் ஆகும் lol” என்று பையன் எழுதினால், கோபித்துக்கொள்ளாதீர்கள், சும்மா சொல்கிறேன் என்று குரலைத் தணிக்கிறான், அவ்வளவுதான். உண்மையிலேயே சிரிப்பு வந்தால் rofl அல்லது lmao என்று போடுவார்கள். rofl என்றால் தரையில் உருண்டு சிரிப்பது. lmao-வில் ஒரு கொச்சை வார்த்தை ஒளிந்திருக்கிறது. படித்துவிட்டுப் போங்கள், நீங்கள் போடவேண்டாம்.

சிரிப்புன்னா சிரிக்கணும்ல? பேத்தி அழுற பொம்மையைப் போடுறா, மண்டை ஓட்டையும் போடுறா. எனக்குப் பகீர்னு ஆயிடுது.

பயப்படாதீர்கள், அவளும் சிரிக்கிறாள்தான். நம் வயதுக்காரர்கள் சிரிப்புக்குப் போடுவது 😂. 2015-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் அந்த ஆண்டின் சொல்லாகவே இந்தப் படத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவ்வளவு பேர் போட்டார்கள். எல்லாரும் போட ஆரம்பித்ததும் இளவட்டங்களுக்கு அது பழசாகிவிட்டது. அவர்கள் 😭-க்கு நகர்ந்தார்கள், அப்புறம் 💀-க்கு. “சிரிச்சே செத்துட்டேன்” என்று நாமே சொல்வோமே, அந்த மண்டை ஓடு அதைத்தான் சொல்கிறது.

ஆனால் 😭 நிஜ அழுகையாகவும் வரும், சிக்கல் அங்கேதான். படத்தைப் பார்த்து எதையும் தீர்மானிக்காதீர்கள், அதற்கு மேலே இருக்கிற வரியைப் பாருங்கள். குட்டி மாமா லுங்கியை மடித்துக்கட்டி ஆடும் வீடியோவுக்குக் கீழே 😭😭😭 இருந்தால் சிரிப்பு. “ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கல, வீட்டுக்கு வரணும்” என்பதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு 😭 இருந்தால் அது அழுகை. மேலே எதுவும் இல்லாமல் தனியாக வந்தால் பொம்மையால் பதில் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம், போன் பண்ணிவிடுங்கள்.

கண்ணில் நீர் தளும்பப் பார்க்கும் 🥺 வேறு ரகம். அது துக்கமில்லை, கெஞ்சல். காசு கேட்கும்போது பெரும்பாலும் வரும்.

துக்கம் கேட்டா எதைத்தான் போடுறது?

இதில்தான் மிகக் கவனம் வேண்டும், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சின்ன ஸ்கிரீனில், கண்ணாடி போடாமல் பார்த்தால் 😂 அழுகிற முகமாகத்தான் தெரியும். இரண்டு கண்ணோரத்திலும் கண்ணீர் நிற்கிறது அல்லவா? பல்லைப் பாருங்கள். பல் வரிசை தெரிந்தால் அது சிரிப்பு. ஒருவர் காலமான செய்திக்குக் கீழே இந்தப் படம் வந்தால் அந்த வீட்டார் மறக்கவே மாட்டார்கள்.

அடுத்த ஆபத்து 😪. கண்ணுக்குக் கீழே ஒரு சொட்டு தொங்குவதால் சோகம் என்று தோன்றும். ஆனால் அதன் பெயரே தூக்க முகம்தான். ஜப்பான் சித்திரக்கதைகளில் ஒருவர் தூங்குகிறார் என்று காட்ட மூக்கிலிருந்து ஒரு குமிழி வரைவார்கள், அதுதான் அந்தச் சொட்டு. துக்கச் செய்திக்குக் கீழே அதைப் போட்டால் தூக்கம் வருகிறது என்று சொன்னதாக ஆகிவிடும். 😅-இல் இருப்பது வியர்வை. அசடு வழியும்போது போடுவது.

சரியானவை இரண்டு: 🙏, 😢. அதைவிடச் சரியானது “ஆழ்ந்த இரங்கல்” என்று தமிழில் எழுதிவிடுவது. RIP என்பது ஆன்மா சாந்தியடையட்டும் என்பதன் சுருக்கம். எல்லாரும் போடுகிறார்கள், தப்பில்லை. ஆனால் போன் தண்ணீரில் விழுந்தாலும் பிள்ளைகள் “phone rip” என்று எழுதுகிறார்கள். அதனால் துக்க வீட்டாருக்கு அந்த மூன்றெழுத்தோடு நிறுத்துவது எனக்குப் பிடிப்பதில்லை.

தப்பாக ஏதாவது போய்விட்டால் பதறாதீர்கள். வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தியை விரலால் அழுத்திப் பிடித்தால் குப்பைத்தொட்டிப் படம் வரும். அதைத் தொட்டு, எல்லாருக்கும் நீக்குவதைத் தேர்ந்தெடுங்கள். அனுப்பி இரண்டு நாள்வரை இது முடியும். ‘எனக்கு மட்டும்’ என்பதைத் தொட்டுவிடாதீர்கள். உங்கள் போனில் மறைந்துவிடும், ஊருக்கெல்லாம் தெரிந்துகொண்டிருக்கும். அடுத்தவர் செய்தியின் ஓரத்தில் தவறுதலாகச் சின்ன முகம் ஒட்டிக்கொண்டால், அந்த முகத்தையே தொட்டு எடுத்துவிடலாம்.

மூக்குல குமிழியா? அது எந்த ஊரு வழக்கம்?

ஜப்பான்தான். 1999-ல் அங்கே டொகோமோ என்ற செல்போன் கம்பெனிக்காக ஷிகெடகா குரிடா என்பவர் 176 குட்டிப் படங்கள் வரைந்தார். ஒவ்வொன்றும் 12-க்கு 12 புள்ளிக்குள் அடங்கவேண்டும். போன்களும் கம்ப்யூட்டர்களும் எழுத்துகளுக்குப் பின்பற்றும் பொதுத் தரம் யூனிகோட். 2010-ல் அதில் இப்படிப்பட்ட படங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. அதன் பிறகுதான் உலகத்தில் உள்ள எல்லா போனுக்கும் பரவின. அதனால் பல பொம்மைகளுக்குள் ஜப்பான் பழக்கம் ஒளிந்துகொண்டிருக்கிறது. மூக்கில் புகைவிடும் 😤 நமக்குக் கோபம். யூனிகோட் அதற்கு வைத்த பெயர் வெற்றிக் களிப்பு. 🙇 என்றால் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்பது. 🙏 அங்கே நன்றியும் வேண்டுகோளும், நமக்கு வணக்கம். எந்த அர்த்தத்தில் எடுத்தாலும் பழுதில்லை.

நேத்து பேரனும் அவன் சிநேகிதனும் குரூப்பில என்னமோ பேசினாங்க. ஒரு வரி புரியல. பெரியப்பாவுக்கும் புரியல.

பார்த்தேன். இதுதானே?

```
A: ngl that frost pic is 🔥 wyd rn
B: nm, omw to coonoor. no signal soon 💀 brb
A: lmk when u reach. ttyl
B: ofc. tc
```

பெரியப்பா தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவர், அவருக்கு இது புதிதாக இருக்கக்கூடாது. சொல்லுக்குச் சொல் காசு என்பதால் சுருக்கினார்கள். கல்யாண வாழ்த்துக்கு ஒரு எண்ணை மட்டும் அனுப்பினால் அந்தப் பக்கம் முழு வாக்கியமாக எழுதிக் கொடுத்தார்கள். இவர்களுக்குக் காசு பிரச்சினை இல்லை, விரல் சோம்பேறித்தனம்தான்.

முதல் வரி. ngl என்றால் ‘நாட் கோனா லை’, நம் பேச்சில் ‘பொய் சொல்லாம சொல்றேன்’. frost pic என்பது தலைக்குந்தாவில் புல்வெளி வெள்ளையாகக் கிடந்ததே, அந்த உறைபனிப் படம். 🔥 என்றால் அசத்தல். தீ விபத்து இல்லை. ஆனால் நம் மலையில் கோடை நெருங்கும்போது நிஜமாகவே காடு எரியும். அதனால் இந்த ஒரு பொம்மைக்கு மட்டும் கூடவே இருக்கும் படத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். wyd என்பது ‘என்ன பண்ற’, rn என்பது ‘இப்போ’. ஆக: “பொய் சொல்லல, அந்தப் பனிப்படம் பிரமாதம். இப்போ என்ன பண்ற?”

இரண்டாவது வரி. nm என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இதை nvm-ஓடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ‘விடு, பரவாயில்லை’. கேட்ட கேள்வியைத் திரும்பப் பெறும்போது போடுவது. omw என்றால் வந்துகொண்டிருக்கிறேன். கிளம்பாமல் வீட்டில் செருப்புத் தேடிக்கொண்டிருப்பவனும் இதைத்தான் போடுவான், நம்பி உலை வைத்துவிடாதீர்கள். இங்கே 💀 சிரிப்பில்லை, அலுப்பு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது பர்லியாறு பக்கம் சிக்னல் போய்விடும், “செத்தேன்” என்கிறான். brb என்றால் இதோ வந்துவிடுகிறேன். அந்த ‘இதோ’ ஒரு நிமிடமாகவும் இருக்கும், ஒரு மணி நேரமாகவும் இருக்கும்.

மூன்றாவது வரி. lmk என்றால் தெரியப்படுத்து. u என்றால் நீ. ttyl என்றால் அப்புறம் பேசலாம். இது வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கேள்வி கேட்டால் பதில் மறுநாள்தான் வரும். பதில் வரவில்லையே என்று கவலைப்படக்கூடாது.

நான்காவது வரி. ofc என்றால் கண்டிப்பா. tc என்றால் பார்த்துக்கோ, உடம்பைக் கவனித்துக்கோ.

அவ்வளவு நேரமும் அவர்கள் பேசியது ஒரு படத்தைப் பற்றியும் ஒரு பஸ் பயணத்தைப் பற்றியும்தான். ரகசியம் எதுவும் இல்லை.

“சாப்பிட்டியா”ன்னு கேட்டேன். “s”னு ஒத்தை எழுத்து வந்திருக்கு. பாதியில நின்னுபோச்சா?

முழுசாகத்தான் வந்திருக்கிறது. ‘யெஸ்’ என்பதைக் காதில் கேட்கிறபடி ஒரே எழுத்தாகச் சுருக்குவது நம் ஊர்ப் பிள்ளைகளின் வழக்கம். சாப்பிட்டாயிற்று என்கிறான். வெளிநாட்டுக்காரருக்கு இதைப் போட்டால் அவருக்குப் புரியாது. இதே கணக்கில் y என்றால் ஏன், r என்றால் are என்ற ஆங்கிலச் சொல், b4 என்றால் முன்னால், gr8 என்றால் அருமை. எழுத்தை வாய்விட்டு உச்சரித்துப் பாருங்கள், பாதி தானாக விளங்கிவிடும். gm, gn காலை, இரவு வணக்கங்கள். hbd பிறந்தநாள் வாழ்த்து. ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு hbd என்று மூன்றெழுத்தில் வாழ்த்துவது எனக்குக் கஞ்சத்தனமாகத்தான் படுகிறது. நீங்கள் எப்போதும்போல நாலு வரி எழுதுங்கள்.

“k”னு போட்டா கோபமா?

பெரும்பாலும் ஆமாம், அல்லது வேலையாக இருக்கிறார்கள். kk, okie, okayy என்று எழுத்து கூடக்கூட மனசும் இளகி இருக்கிறது என்று அர்த்தம். வெறும் k வெடுக்கென்று விழும் பதில். 👍-உம் அப்படித்தான். நீங்கள் நல்லது என்று நினைத்துப் போடுகிறீர்கள், பேத்திக்கு அது “சரி சரி, போ” என்று கேட்கிறது. 🙂 இன்னும் மோசம். லேசாக உதட்டை மட்டும் விரித்த அந்தச் சிரிப்பை அவர்கள் உள்ளே கோபத்தை அடக்கிக்கொண்டு சிரிப்பதாகப் படிக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் போடும்போது கன்னம் சிவந்த 😊 எடுங்கள், சண்டை வராது.

நான் ஒண்ணும் திட்டலையே, “ஏன் பாட்டி கோபம்”னு கேக்கிறா. நான் எழுதினது “சாப்பிடு... தூங்கு... நாளைக்குப் பேசலாம்...”

அந்த மூன்று புள்ளிதான் காரணம். கடிதம் எழுதிய காலத்தில் நாம் மூச்சுவிடும் இடத்தில் புள்ளி வைத்தோம். சாட்டில் வாக்கியம் முடிந்தால் செய்தியை அனுப்பிவிடுவார்கள், அதனால் புள்ளிக்கே வேலையில்லை. வேலையில்லாத இடத்தில் ஒருவர் புள்ளி வைத்தால், வேண்டுமென்றே வைத்தார் என்று தோன்றுகிறது. ஒரு புள்ளி என்றால் கறாராகப் பேசுகிறார். மூன்று என்றால் ஏதோ மனத்தாங்கலைச் சொல்லாமல் விட்டுவிட்டார். “சாப்பிடு தூங்கு நாளைக்குப் பேசலாம் ❤️” என்று போடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினாலும் கத்துவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கீபோர்டில் மேல்நோக்கிய அம்புக்குறி நிறைந்து கறுப்பாக இருந்தால் ஒருதரம் தட்டி அணைத்துவிடுங்கள்.

பீச் பழம் வந்திருக்கு, வந்து வாங்கிட்டுப் போங்கன்னு பழப்படம் போட்டேன். சின்னதுங்க எல்லாம் ஒரே சிரிப்பு. ஏன்?

இதைச் சொல்லாமல் விடமுடியாது, சொல்லிவிடுகிறேன். 🍑 வெளியூரில் பழம் இல்லை, பின்புறம். வடிவத்தைப் பார்த்தால் புரியும். 🍆 ஆணுறுப்பு. இதோடு கண்ணடிக்கும் 😉-ஐயோ நீர்த்துளி 💦-ஐயோ சேர்த்துவிட்டால் முழு ஆபாசம். குன்னூரில் பீச்சும் பிளம்ஸும் காய்க்கிற, மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியே நடக்கிற ஊர்க்காரர்களுக்கு இது அநியாயம்தான். என்ன செய்வது.

உங்கள் சொந்தக்காரர்கள் யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள், சிரித்துவிட்டு விடுவார்கள். தெரியாத நம்பருக்கோ, பேரனுடைய வாத்தியாருக்கோ மட்டும் அனுப்பாதீர்கள். தட்டில் வைத்து நிஜப் பழத்தைப் போட்டோ எடுத்துப் போட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. 🥕, 🥔, 🥬 எல்லாம் தாராளமாகப் போடலாம்.

இதயம் சிவப்பு, மஞ்சள், கறுப்புன்னு வருதே?

சிவப்பு அன்பு. மஞ்சள், பச்சை, நீலம் எல்லாம் பெரும்பாலும் நட்பு அல்லது துணியின் நிறத்துக்குப் பொருத்தம். கறுப்பை துக்கம் என்று நினைக்காதீர்கள், ஸ்டைலுக்காகப் போடுகிறார்கள். உடைந்த 💔 மட்டும் கவனியுங்கள்.

“otp”னு பேரன் போட்டான். பேங்கில வர்ற நம்பரைக் கேக்கிறானோன்னு அனுப்பப் பார்த்தேன்.

நல்லவேளை அனுப்பவில்லை. பிள்ளைகள் பேச்சில் otp என்றால் ‘ஆன் த ஃபோன்’, அதாவது வேறு ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் கூப்பிடு என்பது. பேங்க் OTP என்பது ஒருமுறை மட்டும் செல்லும் கடவுஎண். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

எந்தச் சுருக்கெழுத்துக்கும் பதிலாக எண்களை அனுப்பவேண்டிய தேவை வராது. “பாட்டி, தப்பா உன் நம்பருக்கு ஒரு கோடு வந்திருக்கு, அனுப்பு” என்று பேரன் பெயரிலேயே செய்தி வந்தாலும் அனுப்பாதீர்கள். அந்த ஆறு இலக்கம் பல சமயம் உங்கள் வாட்ஸ்அப்பையே அடுத்தவர் போனில் திறக்கும் சாவி. பேரனின் கணக்கை ஏற்கெனவே பிடித்தவன்தான் இப்படி வரிசையாக ஒவ்வொருவரிடமும் கேட்பான். பேரனுக்கு போன் போட்டு, குரலைக் கேட்டு விசாரியுங்கள்.

கோயமுத்தூர்ல இருக்கிற மருமக EOD, WFH-னு போடுறா. அதுவும் இதே கூத்தா?

அது ஆபீஸ் பாஷை. EOD என்றால் இன்று வேலை முடிவதற்குள், WFH என்றால் வீட்டிலிருந்தே வேலை, FYI என்றால் தகவலுக்காக, ASAP என்றால் சீக்கிரம். இவற்றில் கேலியோ உள்ளர்த்தமோ எதுவும் கிடையாது. WFH என்று போட்டிருந்தால் பகலில் போன் பண்ணாதீர்கள், வீட்டில் இருந்தாலும் மீட்டிங்கில் இருப்பாள்.

சில நேரம் வெறும் கட்டம்தான் வருது. என் போன் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. யூனிகோடில் புதுப் பொம்மைகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. உங்கள் போன் பழைய பதிப்பில் இருப்பதால் புதுசை வரையத் தெரியாமல் காலிக் கட்டமாகக் காட்டுகிறது. போனை அப்டேட் செய்தால் சரியாகலாம், ரொம்பப் பழைய போன் என்றால் ஆகாது. ஒரே பொம்மை இரண்டு போனில் வேறு மாதிரி தெரிவதும் சகஜம். 🔫 முன்பு நிஜத் துப்பாக்கியாக இருந்தது. 2016-ல் ஆப்பிள் அதைப் பச்சை நிறத் தண்ணீர்த் துப்பாக்கியாக மாற்றியது, பிறகு மற்ற கம்பெனிகளும் மாற்றின.

நீ இல்லாதப்ப புதுசா ஒண்ணு வந்தா யாரைக் கேக்க?

பொம்மையானால் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து காப்பி செய்து, `emojipedia.org` என்ற தளத்தின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். பெயரும் பொருளும் ஆங்கிலத்தில் வரும், பெரியப்பா படித்துச் சொல்வார். சுருக்கெழுத்தானால் கூகுளில் அதை அடித்து, பக்கத்தில் `meaning in chat` என்று சேர்த்துத் தேடுங்கள். இரண்டு மூன்று அர்த்தம் வரும். மேலே இருக்கிற வரியோடு எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். எதுவும் பொருந்தவில்லையென்றால் அனுப்பியவரையே கேளுங்கள். “அப்படின்னா என்னடா?” என்று பாட்டி கேட்டால் எந்தப் பேரனும் சொல்லாமல் இருக்கமாட்டான். ஒருவேளை சொல்லாமல் மழுப்பினால், அது உங்களுக்காக எழுதியதில்லை, வேறு குரூப்புக்குப் போகவேண்டியது தவறி வந்திருக்கிறது.